"இவன் இல்லாமல் போனால்தான் டூர் உருப்படும்" என்றான், அவன் நிஜமாகவே விலகிவிட்டான்

மழைக்காகிதம்:
நாங்கள் ஆறு பேர், கல்லூரியிலிருந்தே ஒரே செட். அதில் ஒருவன், முகில் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் இல்லை. அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று சமீபத்தில்தான் தெரியவந்தது, அவனே எங்களிடம் சொன்னான். ஒரு டூருக்குத் திட்டம் போட்டோம், வழக்கம்போல அட்டவணை அவன் பொறுப்பு. எந்த ரயில், அதைத் தவறவிட்டால் அடுத்தது எது, யார் எந்த அறை, மழை வந்தால் என்ன செய்வது என்று பதினொரு பக்கம். அதைக் குழு அழைப்பில் திறந்து காட்டியபோது ஒருத்தன் "அப்பா சாமி, இவன் இல்லாமல் போனால்தான் இந்த டூர் உருப்படும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். முகிலும் சிரித்தான், அதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலை குழுவில் அவனிடமிருந்து ஒரு செய்தி. "அறை முன்பதிவை உன் பெயருக்கு மாற்றிவிட்டேன். என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். கடைசி நாள் வண்டி மட்டும் அதிகாலையில் கிளம்பும், கவனம். நன்றாகப் போய் வாருங்கள்." கோபத்தில் குத்திக்காட்டுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஜோக் அடித்தவன் உடனே கூப்பிட்டு "டேய், சும்மா சொன்னதுக்குப் போய் கோவிச்சுக்கிட்டியா" என்று கேட்டிருக்கிறான். அதற்கு முகில், "கோபம் எதுவும் இல்லை, நீ சொன்னது சரியென்று தோன்றியது" என்று அமைதியாகச் சொல்லியிருக்கிறான். எனக்குப் புரியாதது ஒன்றுதான். இத்தனை வருடமாக நாங்கள் அவனை ஓட்டாத நாள் கிடையாது. "ஆஹா, இன்றைக்கும் சீக்கிரம் வந்துட்டியே" என்றால் அவனுக்குப் புரியும், அவனே திருப்பி அடிப்பான். இது மட்டும் ஏன் இப்படிப் போனது? இனி நாங்கள் என்ன செய்வது?

வாய்ப்பாடு:
ஆட்டிசம் இருப்பவர்களுக்கு நகைச்சுவை புரியாது, அவ்வளவுதான் விஷயம். மூளை அமைப்பே அப்படி. சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவர் முன்னால் கிண்டலே வேண்டாம், எல்லாவற்றையும் நேரடியாகப் பேசுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

எட்டாம்_வரிசை:
எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, முப்பதைத் தாண்டியவன், நாள் முழுக்க மொக்கை ஜோக் அடிப்பவன். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தாலே எல்லோரும் எழுந்து ஓடுவார்கள். எனவே வாய்ப்பாடு அவர்களே, நகைச்சுவை புரியாது என்பதை முதலில் விட்டுவிடுங்கள். "நேரடியாகப் பேசுங்கள்" என்பதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது.

முகில் சிரித்தான் என்கிறீர்களே, அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள். ஒரு கூட்டத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் நானும் சிரிப்பேன். அது சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட தற்காப்பு. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் "என்னடா, புரியலையா" என்று அடுத்த ரவுண்டு ஆரம்பிக்கும். சொன்னதன் பொருளைப் பார்ப்பதெல்லாம் அப்புறம், தனியாக, பல சமயம் ராத்திரி படுக்கும்போது. அப்போது குரல் இல்லை, முகம் இல்லை, சொன்ன வாக்கியம் மட்டும்தான் கையில் இருக்கும். அதை வரிக்கு வரி திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். உங்கள் நண்பர் இரவில் யோசித்துக் காலையில் செய்தி அனுப்பியதைப் பார்த்தால் அப்படித்தான் நடந்திருக்கும் என்று படுகிறது.

நாவாடல்:
நான் பேச்சு, மொழிப் பயிற்சி கொடுப்பவள், பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வேலை. "இது மட்டும் ஏன்" என்பது நல்ல கேள்வி, அதற்குப் பதில் உங்கள் இரண்டு உதாரணங்களுக்குள்ளேயே இருக்கிறது. தாமதமாக வந்தவனைப் பார்த்து "சீக்கிரம் வந்துட்டியே" என்பது நல்ல சொல்லால் குறை சொல்வது. "இவன் இல்லாமல் போனால்தான் உருப்படும்" என்பது கெட்ட சொல்லால் பாசம் காட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கிண்டல்தான், ஆனால் கேட்பவருக்கு வேலை ஒன்றல்ல.

1981இல் ஸ்பெர்பர், வில்சன் என்ற இரண்டு பேர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள், இன்றைக்கும் எனக்குக் கைகொடுப்பது அதுதான். நக்கல் என்பது சொல்லுக்கு நேர் எதிர்ப் பொருளைச் சொல்வதல்ல, வேறு யாரோ நினைத்ததையோ எல்லோரும் எதிர்பார்த்ததையோ எடுத்து எதிரொலித்து, அதைத் தூக்கிப் போடுவது. ஒருவன் நேரத்துக்கு வரவேண்டும் என்பது எல்லோர் மனதிலும் இருக்கும் எதிர்பார்ப்பு, ஆகவே "சீக்கிரம் வந்துட்டியே" எதை எதிரொலிக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். கடிகாரமும் சாட்சி சொல்லும். ஆனால் "நீ இல்லாவிட்டால்தான் நல்லது" என்று யார் எதிர்பார்த்தார்கள்? யாருமில்லை. எதிரொலிக்க எதுவும் இல்லாததால் அந்த வாக்கியம் ஒரு சாதாரணக் கருத்து மாதிரியே வந்து நிற்கும். பாசத்தில் திட்டுவதைக் கண்டுபிடிப்பது, பாராட்டுப் போலக் குறை சொல்வதைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். இது ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் பொருந்தும், சின்னக் குழந்தைகளிடம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

முகிலின் பக்கம் நின்று பாருங்கள். அட்டவணை பதினொரு பக்கம் என்பது உண்மை. அதைப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விட்டதும் உண்மை. "நீ ரொம்ப நுணுக்கம் பார்க்கிறாய்" என்று வாழ்நாளில் யாராவது அவரிடம் சொல்லாமல் இருந்திருப்பார்களா? இவ்வளவும் ஒரே பக்கம் சாயும்போது "நீ இல்லாவிட்டால் நல்லது" என்பது நம்பக்கூடிய கருத்தாகிவிடுகிறது. அதோடு அது ஒரு யோசனை மாதிரியும் இருக்கிறது, செய்து முடிக்கக்கூடிய யோசனை. செய்துவிட்டார். கோபமாக அல்ல, உதவியாக.

தங்கமீன்_அம்மா:
ரொம்ப உபயோகமான இழை. என் மகனுக்கு ஏழு வயது, எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறான். "காதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாயா" என்று டீச்சர் கேட்டதற்குக் காதைத் தொட்டுப் பார்த்தானாம். கிண்டலைப் புரிந்துகொள்ள அவனுக்கு என்ன பயிற்சி கொடுக்க வேண்டும்?

நாவாடல்:
@தங்கமீன்_அம்மா, இங்கே கேள்வி நண்பர்கள் எப்படி மாறுவது என்பது, உங்கள் கேள்வி வேறு. சுருக்கமாகச் சொன்னால், பயிற்சி கொடுக்க முடியும். 2013இல் வந்த ஓர் ஆய்வில் மிகச் சில குழந்தைகளுக்கு நிறைய உதாரணங்கள் காட்டி, சொன்னதும் நடந்ததும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார்கள். ஆனால் அவனுக்குக் காது கழறாது என்று தெரியாமல் இல்லை. டீச்சர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதுதான் தெரியவில்லை. அதை டீச்சரிடமும் சொல்லுங்கள். தனி இழை திறந்தால் விரிவாகப் பேசலாம்.

சுழல்நாற்காலி:
எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கலாய்க்காத நட்பு என்ன நட்பு? ஒவ்வொரு ஜோக்குக்கும் கீழே பொழிப்புரை போட்டுக்கொண்டிருந்தால் அது ஜோக்கா, பாடமா? குரலை ஏற்றி இறக்கி, கொஞ்சம் சிரித்த முகமாகச் சொன்னால் யாருக்கும் புரியும். அந்தப் பையன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்லியிருப்பான்.

எட்டாம்_வரிசை:
"சிரித்த முகமாகச் சொன்னால் யாருக்கும் புரியும்." என்னைக் கேலி செய்த அத்தனை பேரும் சிரித்த முகமாகத்தான் செய்தார்கள் சார். பள்ளியில் என் பையை ஒளித்து வைத்தவனும் சிரித்தான், "சும்மாடா" என்றும் சொன்னான். நண்பன் கிண்டல் செய்யும்போது வரும் சிரிப்பும் "சும்மாடா"வும் அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும். நீங்கள் சிரித்தால் நான் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா, எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

நாவாடல்:
குரல் விஷயத்தில் சுழல்நாற்காலி சொல்வதை முழுக்கத் தள்ளவும் முடியாது. 2007இல் வந்த மூளைப் படப் பிடிப்பு ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் "முகத்தைக் கவனி, குரலைக் கவனி" என்று தெளிவாகச் சொன்னபோது, அடுத்தவர் எண்ணத்தைக் கணிக்கும்போது வேலை செய்கிற முன்மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. அதாவது குறிப்புகளைப் பயன்படுத்த முடிகிறது, ஆனால் அவை தானாகக் கண்ணில் படுவதில்லை. ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசும் அழைப்பில், திரையில் அட்டவணை ஓடிக்கொண்டிருக்கும்போது, "இப்போது முகத்தைப் பார்" என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்று, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நக்கல் அடிப்பதில்தானே பலருக்குச் சுகமே இருக்கிறது. குறிப்பை வேண்டுமென்றே மறைத்துவிட்டு, கண்டுபிடிக்கவில்லையே என்று எதிரில் இருப்பவர்மேல் பழி போடுகிறோம்.

வாய்ப்பாடு:
அதைத்தானே நானும் சொன்னேன், கிண்டலே வேண்டாமென்று. நேரில் புரியாவிட்டால் எழுதிச் சொல்லலாம், எழுத்தில் குழப்பம் வராது.

நாவாடல்:
எழுத்தில் குழப்பம் அதிகம். 2005இல் குரூகரும் சிலரும் செய்த ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் நக்கலாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்று எதிரில் இருப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் 56 சதவீதம்தான், கிட்டத்தட்ட நாணயம் சுண்டிப் பார்ப்பது மாதிரி. சாதாரணக் கல்லூரி மாணவர்கள் அவர்கள். எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது, படிப்பவர் காதில் கேட்பதில்லை.

எட்டாம்_வரிசை:
என் நண்பர்கள் சிலர் கடைசியில் `/s` என்று போட்டுவிடுவார்கள், நக்கல் என்று அர்த்தம். பாசத்தில் ஓட்டும்போது `/j`. முதலில் செயற்கையாக இருந்தது, இப்போது அதுவே எங்களுக்கு ஜோக். சிலருக்கு அது பிடிக்காது, ஆட்டிசம் உள்ளவர்களிலேயே பலருக்குக் குழந்தைக்குச் சொல்வது போலப் படும். அதனால் முகிலைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் அந்த நண்பர் போன் செய்து "சும்மா சொன்னேன்" என்றாரே, அது ஏன் வேலைக்கு ஆகவில்லை என்று சொல்கிறேன். "சும்மா" என்று சொன்னால் ஏதோ ஒன்று பொய் என்று மட்டும் தெரிகிறது. எது பொய்? நான் வரக்கூடாது என்பதா, அட்டவணை மோசம் என்பதா, டூர் உருப்படாது என்பதா? எது உண்மை என்று நீங்கள் சொல்லவே இல்லை. அது போதாதென்று "கோவிச்சுக்கிட்டியா" என்று கேட்டால், இப்போது என் கோபத்தைப் பற்றி விசாரணை. எனக்குக் கோபமே இல்லை, இல்லையென்று நிரூபிக்க வேண்டிய வேலையும் சேர்ந்துகொள்கிறது.

சொல்ல வேண்டியது இப்படி: "நீ வரக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. நீ வரவேண்டும். டிக்கெட்டைத் திரும்பப் போடு, கிடைக்காவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்." முதலில் எது பொய், அடுத்து எது உண்மை, பிறகு நான் என்ன செய்ய வேண்டும். இதைத் தனிச் செய்தியில் எழுதி அனுப்புங்கள், போனில் அல்ல. எழுத்தை நான் இரவில் திரும்பப் படிக்கலாம்.

சுழல்நாற்காலி:
சரி, நடந்த பிறகு சரிசெய்வதற்கு இது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னாடியே எப்படித் தெரிந்துகொள்வது, எது சொல்லலாம், எது கூடாது என்று? பட்டியல் வைத்துக்கொண்டா பேசுவது?

நாவாடல்:
பட்டியல் வேண்டாம். வாய்க்கு வந்ததைச் சொல்லும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: இதை அவர் அப்படியே செய்துவிட்டால் எனக்கு இழப்பா? "வராதே", "பேசாமல் இரு", "உன் வேலையை விட்டுவிடு" இதெல்லாம் அந்த வகை. அதே போல ஒருவரின் இடத்தைப் பற்றிய தீர்ப்புகள், "உன்னை யார் கூப்பிட்டது" மாதிரி. குழுவில் தனக்கு இடம் இருக்கிறதா என்று ஏற்கெனவே சந்தேகத்தில் இருப்பவருக்கு அது தீர்ப்பாகவே விழும்.

மிச்சமெல்லாம் ஓட்டலாம். நடக்கவே முடியாத அளவுக்கு ஊதிப் பெருக்கினால் இன்னும் நல்லது. "இந்த அட்டவணையைப் பார்த்து ரயில்வேயே உன்னிடம் டியூஷன் கேட்கும்" என்றால் அது உண்மையாக இருக்க வாய்ப்பில்லை, அது முகிலுக்கு அந்த நிமிடமே தெரியும். குரலையும் முகத்தையும் படிக்கத் தேவையில்லாமல், உலக அறிவை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "இவன் இல்லாமல் போனால்தான்" என்பதில் நடக்க முடியாதது எதுவும் இல்லையே.

ஒற்றைத்திண்ணை:
என் மனைவிக்கு ஆட்டிசமா என்று யாரும் சோதித்ததில்லை, ஆனால் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவள். கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் எல்லோரும் அவளை ஓட்டினார்கள், பாராட்டுவது போலவே ஓட்டினார்கள். "அடடா, இந்த வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவளே" என்கிற தோரணையில். கொஞ்ச நாளில் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் பிரச்சினை. இப்போது நான் நிஜமாகவே "நல்லா இருக்கு" என்றாலும் நம்புவதில்லை. "நிஜமா, கிண்டலா" என்று கேட்பாள், நிஜம் என்றால் "அதையும் கிண்டலாத்தான் சொல்றீங்களா" என்பாள். கிண்டலைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டதில் நிஜமான பாராட்டு போய்விட்டது. இதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

எட்டாம்_வரிசை:
அண்ணா, இது எனக்கும் இருக்கிறது. என் அனுபவத்தில் ஒன்று உதவியது. பாராட்டும்போது எது நன்றாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்வார் ஒரு நண்பர். "நல்லா இருக்கு" என்பதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். "இரண்டாவது பத்தியில் அந்தக் கணக்கை நீ பிரித்துச் சொன்ன விதத்தால்தான் எனக்குப் புரிந்தது" என்பதை நக்கலாகப் படிப்பது கஷ்டம். ஆனால் வீட்டில் மற்றவர்கள் ஓட்டுவது நிற்காமல் நீங்கள் மட்டும் இப்படிப் பேசினால் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

வாய்ப்பாடு:
எல்லோரும் அடுத்தவர் மாறவேண்டும் என்றே பேசுகிறீர்கள். ஆட்டிசம் உள்ளவருக்கு அடுத்தவர் மனதைப் படிப்பது சிரமம் என்பது உண்மைதானே? அதில் நண்பர்கள் என்ன செய்ய முடியும்?

நாவாடல்:
சிரமம் இருப்பது உண்மை. 1993இல் பிரான்செஸ்கா ஹாப்பே காட்டியது கிட்டத்தட்ட அதுதான், நக்கலைப் புரிந்துகொள்ள "இவர் என்ன நினைக்கிறார்" என்பதோடு "நான் என்ன நினைப்பதாக இவர் நினைக்கிறார்" என்றும் கணிக்க வேண்டும் என்று. ஆனால் அதற்குப் பிறகு விஷயம் நகர்ந்திருக்கிறது. 2012இல் டேமியன் மில்டன், அவரே ஆட்டிசம் உள்ளவர், புரியாமை இரண்டு பக்கமும் என்று எழுதினார். 2020இல் வந்த ஓர் ஆய்வில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் அடுத்தவருக்குக் கடத்தும் சங்கிலி அமைத்தார்கள். எல்லோருக்கும் ஆட்டிசம் இருந்த சங்கிலியிலும், யாருக்கும் இல்லாத சங்கிலியிலும் தகவல் ஒரே அளவு நன்றாகப் போனது. இரண்டையும் கலந்தபோதுதான் அதிகம் சிந்தியது.

இங்கேயே பாருங்களேன். முகில் எழுதிய செய்தி தெளிவாக இருக்கிறது, அதில் ஒரு வார்த்தைகூடக் கோபம் இல்லை. அதைப் படித்த ஐந்து பேருமே "குத்திக்காட்டுகிறான்" என்று முடிவுகட்டினார்கள். அடுத்தவர் மனதைப் படிப்பதில் அன்றைக்கு யார் தோற்றது?

சுழல்நாற்காலி:
அது சரியான அடி.

மழைக்காகிதம்:
எட்டாம்_வரிசை சொன்னபடியே எழுதி முகிலுக்குத் தனியாக அனுப்பினேன். "நீ வரக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை, அது பொய். நீ வரவேண்டும் என்பது உண்மை. டிக்கெட் நான் போடுகிறேன், சரியென்றால் மட்டும் சொல்." ஒரு மணி நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது, அப்படியே தருகிறேன், அவனிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்:

"வருகிறேன். ஒரு கேள்வி. அட்டவணை நீளமாக இருக்கிறது என்பது உண்மையா, அதுவும் ஜோக்கா?"

நான் என்ன சொல்வது? உண்மை. போன டூரிலேயே எல்லோரும் எங்களுக்குள் புலம்பினோம், அவனிடம் சொன்னதில்லை.

எட்டாம்_வரிசை:
பாருங்கள்! அவர் இல்லாததைக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் ஜோக்குக்குள் ஒரு நிஜமான குறை ஒளிந்திருந்தது, அதைச் சரியாகப் பிடித்துவிட்டார். எவ்வளவு பெரிய குறை என்பதில்தான் தப்புக் கணக்கு. உண்மை என்றே சொல்லுங்கள். எத்தனை பக்கம் இருக்கலாம் என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள், "கொஞ்சம் குறை" என்றால் பத்துப் பக்கம் வரும். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

நாவாடல்:
பாசத்தில் ஓட்டுவதில் பாதிக்குப் பாதி இப்படி நேரே சொல்லத் தைரியம் வராத குறைதான் இருக்கும். மற்றவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கி, சத்தமில்லாமல் திருத்திக்கொள்வார்கள் என்று நம்பித்தான் சொல்கிறோம். முகிலுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. குறையைக் குறையாகவே சொன்னால் அவருக்குக் கோபம் வரும் என்று எதை வைத்து நினைத்தீர்கள்?

மழைக்காகிதம்:
எதை வைத்தும் இல்லை, நாங்களாக நினைத்துக்கொண்டதுதான். "உண்மை, எங்களுக்கு இரண்டு பக்கம் போதும், மீதி ஒன்பது பக்கம் உன்னிடம் இருக்கட்டும், வண்டி தவறினால் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினேன். இருபது நிமிடத்தில் இரண்டு பக்க அட்டவணை வந்துவிட்டது, எழுத்துதான் எறும்பு அளவு. அதையும் சொன்னேன், பெரிதாக்கி அனுப்பினான்.

ஜோக் அடித்தவன் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. "இத்தனை வருஷம் இப்படித்தானே பேசினோம், இப்போ ஆட்டிசம்னு ஒரு பேர் வந்ததும் நான் பேச்சை மாத்தணுமா" என்கிறான். முகிலிடம் நேரில் பேசச் சொன்னால் "அவன்கிட்ட என்ன பேசினாலும் பயமா இருக்கு" என்கிறான். ரயிலில் இரண்டு பேருக்கும் எதிரெதிர் இருக்கை, அட்டவணையில் முகில்தான் போட்டிருக்கிறான்.

சுழல்நாற்காலி:
அவனுக்கு அந்த "செய்துவிட்டால் எனக்கு இழப்பா" கேள்வியை மட்டும் சொல்லுங்கள். மீதியைச் சொன்னால் ஓடிவிடுவான், எனக்கு அந்த ரகம் தெரியும்.

ஒற்றைத்திண்ணை:
என் கேள்விக்கு இன்னும் யாராவது பதில் சொல்லலாம். வீட்டில் எட்டுப் பேர், எல்லோரிடமும் போய் எப்படிச் சொல்வது?